ஆர்டர்கள் முன்பின்னாக வருகின்றன: சேஃப்டி ஸ்டாக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?

கிடங்குக்கணக்கு:
ஒரு பொருள், வாரம் 100 செலவாகிறது, அதில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஒவ்வொரு திங்களும் 100-க்கு ஆர்டர் போடுகிறேன். சரக்கு இரண்டு வழியில் வரும். நேர்வழியில் 1 வாரம், மாற்றி ஏற்றும் வழியில் 5 வாரம். எது எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே தெரியாது, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதனால் மூன்று வாரம் முன் போட்டது வராமலிருக்க, போன வாரம் போட்டது வந்து நிற்கும்.

லீட் டைம் சராசரி 3 வாரம், திட்டவிலக்கம் 2. வழக்கமான சூத்திரத்தில் போட்டேன்:

```
SS = 1.65 × sqrt(L × σd² + d² × σL²)
   = 1.65 × 100 × 2 = 330
```

இதை வைத்து ஒன்றரை ஆண்டு ஓட்டியாயிற்று. ஸ்டாக் ஒருநாளும் 130-க்குக் கீழே இறங்கவில்லை. 95 சதவீதத்துக்கான கணக்கு என்றால் எப்போதாவது தீர்ந்திருக்க வேண்டாமா?

பட்டியல்பார்வை:
எங்களுக்கும் இதே தொல்லை. பழைய பேட்ச் பின்னால் வந்து சேரும், காலாவதி தேதி நெருங்கியிருக்கும். முதலில் காலாவதியாவதை முதலில் வெளியேற்றுங்கள், சரியாகிவிடும்.

கிடங்குக்கணக்கு:
என் பொருளுக்குக் காலாவதியே இல்லைங்க. எவ்வளவு கையிருப்பு வைப்பது என்பதுதான் கேள்வி.

வரிசைமுறை:
டேட்டா பதிவில்தான் கோளாறு. எந்த லோடு முதலில் வந்தாலும் அதை மிகப் பழைய திறந்த பர்ச்சேஸ் ஆர்டரில் வரவு வையுங்கள். திட்டவிலக்கம் தானாகக் குறையும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நீண்டநாள்கொள்முதல்:
வரிசைமுறை சொன்னதில் பாதி சரி. கையிருப்பைப் பொறுத்தவரை எந்த ஆர்டரின் சரக்கு வந்தது என்பது பொருட்டே இல்லை, 100 வந்தால் 100 வந்ததுதான். அந்தச் சூத்திரமோ ஒவ்வொரு ஆர்டரும் தன் சரக்குக்காகவே காத்திருப்பதாக நினைக்கிறது. முந்திக்கொண்டு வரும் லோடு தாமதமானதன் இடத்தை நிரப்பிவிடுவது அதற்குத் தெரியாது.

வழியில் எத்தனை ஆர்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்று போட்டது கட்டாயம் வழியில். அதற்கு முந்தைய 4 வாரத்து ஆர்டர்கள் ஒவ்வொன்றும் நாணயம் சுண்டிய மாதிரி, வந்திருக்கலாம் அல்லது வராமலிருக்கலாம். சராசரி 3, திட்டவிலக்கம் 2 அல்ல, 1. நம்பாவிட்டால் ஓட்டிப் பாருங்கள்:

```python
import random, statistics as st
n = 200000
L = [random.choice([1, 5]) for _ in range(n)]
arr = sorted(k + L[k] for k in range(n))
eff = [arr[k] - k for k in range(n)]
print(st.pstdev(L), st.pstdev(eff))
```

முதல் எண் 2, அடுத்தது 1 பக்கம் வரும். `sorted` செய்வதுதான் வரிசைமுறை சொல்லும் வேலை. ஆனால் அதைக் கணக்குத் தாளில் செய்யுங்கள், ரசீதுப் பதிவில் வேண்டாம். பதிவை மாற்றிவிட்டால் எந்த வழி தாமதம் என்பதே அழிந்துபோகும். தவிர, எல்லா ஆர்டரும் ஒரே அளவாக இருந்தால்தான் இது செல்லும்.

உங்கள் 130-க்கும் விடை இதில் இருக்கிறது. மிக மோசமான வாரத்தில் வழியில் 5 ஆர்டர், அதாவது சராசரியைவிட 200 அதிகம். 330-ல் 200 போனால் 130.

கிடங்குக்கணக்கு:
அடடா! அப்போ 1.65 × 100 = 165 வைத்தால் போதுமா?

நீண்டநாள்கொள்முதல்:
அவசரப்படாதீர்கள். இங்கே 1.65 அவ்வளவாகப் பொருந்தாது, நாம் எண்ணுவது முழு ஆர்டர்களை. முந்தைய நான்கும் மெதுவான வழியில் போக வாய்ப்பு 16-ல் 1. அந்த வாரம் 165-ல் 35 குறையும். 200 வைத்தால் குறையாது, 5 வாரத்துக்கு மேல் எதுவும் போகாதவரை.

இன்னொன்று: இதெல்லாம் ஒரு ஆர்டரின் தாமதம் அடுத்ததைத் தொடாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. மாற்றி ஏற்றும் இடத்தில் நெரிசல் வந்தால் எல்லாமே சேர்ந்து சிக்கும். அப்போது 16-ல் 1 என்ற கணக்கு போய்விடும். ஒவ்வொரு திங்களும் வழியில் இருந்த அளவைப் பழைய பதிவிலிருந்து எடுங்கள். 5 ஆர்டர் நின்ற வாரங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றனவா, கொத்தாக வருகின்றனவா?

மாதாந்திரம்:
நான் 4 வாரத்துக்கு ஒருமுறைதான் ஆர்டர் போடுகிறேன். எனக்கும் பாதியாகக் குறைக்கலாமா?

நீண்டநாள்கொள்முதல்:
இதே 1–5 வாரம் என்றால் வேண்டாம். உங்கள் ஆர்டர் ஒன்றையொன்று முந்தவே முடியாது, அதிகபட்சம் இரண்டும் ஒரே நாளில் வரும். பழைய சூத்திரமே இருக்கட்டும்.

கிடங்குக்கணக்கு:
எடுத்துப் பார்த்தேன். 78 வாரத்தில் 5 ஆர்டர் நின்றது 7 வாரம். அதில் 4 அடுத்தடுத்த வாரங்கள். இது நெரிசலா, தற்செயலா என்று பிடிபடவில்லை.

நீண்டநாள்கொள்முதல்:
16-ல் 1 என்றால் சுமார் 5 வாரம் வரும், ஆகவே 7 என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு வாரம் 5 நின்றால் அடுத்த வாரமும் நிற்கப் பாதி வாய்ப்பு உண்டு, அதனால் தொடர்ச்சியை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. அந்த 4 வாரத்தில் சிக்கிய ஆர்டர்கள் எத்தனை நாளில் வந்தன என்று பாருங்கள். 35 நாளைத் தாண்டியிருந்தால் 200-க்கு இறங்காதீர்கள்.