எம்-சாண்ட் போட்ட தூண்ல அடியில ஓட்டை ஓட்டையா இருக்கு. மணல் பிழையா, கலவை பிழையா?

ஹட்டன் வீட்டுக்காரன்:
ஹட்டன் பக்கம் சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். முதல் நாலு தூணுக்கு ஆத்து மணல் போட்டோம், கண்ணாடி மாதிரி வந்துச்சு. அடுத்த லோட் மணல் விலை கேட்டுத் தலை சுத்திப் போய், குவாரியில இருந்து எம்-சாண்ட் ஒரு கியூப் எறக்கினேன். கலவை அதே 1:2:4. பைக்கு மணல் 5 தாச்சி, முக்கால் மெட்டல் 10 தாச்சி. ஆத்து மணலுக்கு 24 லீட்டர் தண்ணி ஊத்தினா போதும். இதுக்கு 36 லீட்டர் ஊத்தியும் கரண்டியில ஏற மாட்டேங்குது, கொறகொறன்னு நிக்குது. சட்டர் பலகையைக் கழட்டினா ரெண்டு தூண்ல அடியில தேனடை மாதிரி ஓட்டை. மேசன் பாஸ் "எம்-சாண்ட்னாலே இப்படித்தான், மேல பூசிவிடலாம்"ங்கிறாரு. மிச்சத்தைத் திருப்பி அனுப்பிடவா?

மாத்தளை மாமா:
எம்-சாண்டைக் குறை சொல்லாதீங்க தம்பி. அது கூர்க்கூரா இருக்கிறதால ஒன்னோட ஒன்னு கொக்கி போட்டுப் பிடிச்சுக்கும். ஆத்து மணலைவிடப் பலம் கூடத்தான் வரும். நான் ஸ்லெப்பே போட்டிருக்கேன்.

பதுளை சைட்காரர்:
மாமா சொல்றது பாதி சரி. தண்ணி அளவு ஒன்னா இருந்தா கூர்முனை மணல்ல சீமெந்து நல்லாப் பிடிக்கும். ஆனா அந்தக் கொக்கிதான் பச்சைக் கலவையை ஓட விடாமப் புடிச்சு வைக்குது. கைக்கு வரலேன்னு பாஸ் தண்ணி ஊத்துவாரு, அதோட கிடைச்ச பலமும் போயிடும்.

தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஆத்து மணல் ஈரமா இருந்துச்சா, எம்-சாண்ட் காஞ்சு இருந்துச்சா? தூண்ல கலவையை அதிர வச்சு இறக்குற பொக்கர் விட்டீங்களா, கம்பியால குத்தினீங்களா?

ஹட்டன் வீட்டுக்காரன்:
ஆத்து மணல் ஈரம், மழையிலதான் கிடந்துச்சு. எம்-சாண்ட் தார்பாய்க்குள்ள, தூசி பறக்கிற அளவுக்குக் காய்ஞ்சது. பொக்கர் இல்லண்ணே, கம்பிதான்.

பதுளை சைட்காரர்:
அப்போ பிழை ஒரு இடத்துல இல்ல.

ஈர மணல் ஊதி நிக்கும். வீட்டிலயே பார்க்கலாம். வாளியில ஈரமான ஆத்து மணலைத் தட்டாம 20 சென்டிமீற்றர் உயரத்துக்குப் போடுங்க. தண்ணி ஊத்தி நல்லாக் கிண்டி விட்டுட்டு, எவ்வளவுக்கு இறங்குதுன்னு அளங்க. 16க்கு இறங்குச்சுன்னா, நீங்க போட்ட 5 தாச்சியில உண்மையான மணல் 4 தாச்சிதான். காஞ்ச எம்-சாண்ட் ஊதாது, 5ன்னா 5. அதாவது "அதே கலவை"ன்னு சொல்லிக் கால்வாசி மணல் கூடப் போட்டிருக்கீங்க. சீமெந்துப் பசை கூடல, மணல் மட்டும் கூடிருச்சு.

தண்ணிக் கணக்கையும் திருத்தணும். ஈரமான 5 தாச்சிக்குள்ளயே 4 லீட்டர் போலத் தண்ணி இருந்திருக்கும். அப்போ ஆத்து மணலுக்கு மொத்தம் 28, எம்-சாண்டுக்கு 36. ஐம்பது கிலோ பைக்கு தண்ணி-சீமெந்து விகிதம் 0.56ல இருந்து 0.72க்குப் போயிட்டீங்க. பலத்துல மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட அங்கேயே போயிருக்கும்.

வெலிமடை அக்கா:
எங்க வீட்டுச் சுவருக்கும் எம்-சாண்ட்ல பூசினாங்க. ரெண்டு வாரத்துல சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. அதுவும் இதுதானா?

பதுளை சைட்காரர்:
அக்கா, பூச்சுல அப்படி வந்தா பெரும்பாலும் தூள் கூடினதுதான். சீக்கிரம் காஞ்சாலும் வரும். கொங்கிரீட்டுக்குப் போற எம்-சாண்டை அப்படியே பூச்சுக்கு எடுத்தாங்களான்னு கேட்டுப் பாருங்க. தம்பியோட பிரச்சினை வேற.

தலவாக்கலை பாஸ்:
குவாரியில எம்-சாண்ட்னு சொல்லிக் கல்தூளை ஏத்தி விடுவாங்க. மெட்டல் உடைக்கிறப்போ கீழ கொட்டுற தூள் அது. ஜோ கிரஷர் கல்லை நசுக்குது, அதனால சில்லு சில்லாத் தட்டையா வரும். எம்-சாண்டுக்குன்னு வேற மெஷின் இருக்கு. அதுல கல்லை வேகமாச் சுழட்டி எறியும். கல்லும் கல்லும் மோதி முனை உடைஞ்சு, ஓரளவு கட்டையா, சதுரம் போல வரும். போன் கேமராவைக் கிட்ட வச்சுப் பெருசாக்கிப் பாருங்க. தட்டைச் சில்லு கூடவா இருந்தா அது மணலே இல்ல.

ஹட்டன் வீட்டுக்காரன்:
பார்த்தேன். கட்டைக் கல்லும் இருக்கு, தட்டைச் சில்லும் இருக்கு, நடுவுல பளபளன்னு மினுக்குது. வாளிச் சோதனையில 20 சென்டிமீற்றர் 16க்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. அண்ணே, நேர்ல பார்த்த மாதிரி சொல்லிட்டீங்க!

பதுளை சைட்காரர்:
மினுக்குறது மைக்கா. நம்ம மலைக் கல்லுல அது சாதாரணம். கண்ணாடிப் போத்தல்ல மணலும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வச்சா மைக்கா கடைசியா இறங்கி மேல படியும். அங்கங்க ஒரு மினுக்குன்னா பயமில்ல. மேல ஒரு தகடு மாதிரி படிஞ்சா அந்தக் கல்லே வேணாம். ஒவ்வொரு தகடும் தட்டை, தண்ணியும் கூடக் கேட்கும்.

வடிவத்தைத் தனியா அளக்கணும்னா இப்படிச் செய்ங்க. ரெண்டு மணலையும் கழுவித் தூளைப் போக்கிக் காய வைங்க. ரெண்டையும் ஒரே ஜோடிச் சல்லடையில சலிச்சு, பெரிய கண்ணுல இறங்கிச் சின்னக் கண்ணுல நிக்கிற மணியை மட்டும் எடுங்க. பெரிய மணியில இருந்து சின்ன மணி வரைக்கும் கலவை வேற வேறயா இருந்தா கணக்கு குழம்பிடும், அதுக்குத்தான். பத்து லீட்டர் பெயின்ட் வாளியில ஒரே உயரத்துல இருந்து கொட்டி, தட்டாம மட்டம் வழிச்சு நிறுங்க.

ஹட்டன் வீட்டுக்காரன்:
(மூணு நாள் கழிச்சு) ஆத்து மணல் 15.8 கிலோ. எம்-சாண்ட் 14.2 கிலோ. இதுல என்ன தெரியுது?

பதுளை சைட்காரர்:
கல் ஒரு லீட்டருக்கு 2.65 கிலோன்னு வச்சா, இடைவெளியே இல்லாத 10 லீட்டர் 26.5 கிலோ. ஆத்து மணல்ல சுமார் 40 வீதம் வெற்றிடம், உங்க எம்-சாண்ட்ல 46. உருண்டு வந்த மணி சரிஞ்சு போய் இடுக்குல உட்காரும். சில்லு ஒன்னு மேல ஒன்னு பாலம் போட்டு நிக்கும். அந்தக் கூடுதல் இடத்தைப் பசைதான் நிரப்பணும். பசை பத்தலேன்னா மெட்டலைத் தூக்கி ஓட்டவும் எதுவும் மிஞ்சாது. தூண் அடியில சீமெந்து இல்லாம மெட்டல் மட்டும் குவிஞ்சதுக்கு அதுதான் காரணம். கம்பியால குத்தினது மிச்சத்தைச் செஞ்சிருக்கு.

மிச்சத்தை எறிய வேணாம். காஞ்ச எம்-சாண்டா இருந்தா 4 தாச்சிக்கு மேல போடாதீங்க. அதுல பாதியை எடுத்துட்டு ஆத்து மணல் போட்டா இன்னும் லேசாகும். அந்த ஆத்து மணல் ஈரமா இருந்தா அது ரெண்டரை தாச்சி. பொக்கர் வாடகைக்கு எடுங்க. அப்பவும் இறுக்கமா இருந்தா கலவையை இளக்குற பிளாஸ்டிசைசர் சேருங்க, தண்ணி இல்ல.

ஹட்டன் வீட்டுக்காரன்:
சும்மா ஒரு பை கலந்து பார்த்தேன். 4 தாச்சி எம்-சாண்ட் மட்டும்னா 30 லீட்டர், இறுக்கம்தான். பாதிப் பாதி போட்டப்போ மணல்ல இருந்த தண்ணியோட சேர்த்து 28ல பாஸே "இது பரவாயில்ல"ன்னாரு.

ஓட்டை விழுந்த ரெண்டு தூணை என்ன செய்றது?

மாத்தளை மாமா:
1:3 பூச்சு போட்டு மூடிருங்க தம்பி, ஒன்னும் ஆகாது.

பதுளை சைட்காரர்:
மூடாதீங்க. சுத்தியால தட்டி உதிர்றதையெல்லாம் எடுங்க. கம்பி வெளிய தெரியுதா பாருங்க. தெரிஞ்சா பூச்சு வேலைக்கு ஆகாது, சுருங்காத கிரவுட் வேணும். அதை என்ஜினியர் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். ஓட்டை இல்லாத இடத்துலயும் 0.72 இருக்கே, அதுதான் எனக்கு யோசனை. மேல இன்னொரு தட்டு கட்டுற எண்ணம் இருந்தா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல விசாரிச்சு, தூணோட பலத்தைப் பரிசோதிச்சுக்கங்க. போட்டோ பார்த்து இடிக்கணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன்.

தலவாக்கலை பாஸ்:
நான் இடிச்சிருவேன். ரெண்டு தூண்தானே.

ஹட்டன் வீட்டுக்காரன்:
என்ஜினியர் ஞாயித்துக்கிழமை வர்றாரு. ஒன்னு கேட்கணும்: நேத்து ராவு பெஞ்ச மழையில தார்பாய் பறந்து எம்-சாண்டும் நனைஞ்சிருச்சு. இப்பவும் 4 தாச்சியா?

பதுளை சைட்காரர்:
இப்போ அதுவும் ஊதும். வாளிச் சோதனையை மறுபடி போடுங்க, எவ்வளவு இறங்குதோ அதை வச்சுத் தாச்சியை மாத்துங்க. தண்ணியையும் குறைச்சு ஆரம்பிங்க.