‘ஒரு நாள் சந்திக்கலாம்’ என்கிறார்கள், அந்த ஒரு நாள் எது?

கொலம்பஸ் மருமகள்

ஒஹையோ மாநிலத்துக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட காலை 8:10க்குத் தெருமுனையில் நிற்பேன். எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் மகளோடு அங்கே நிற்பாள். போன செப்டம்பரில் ஒரு நாள் பஸ் கிளம்பியதும், “நாம் இருவரும் ஒரு நாள் காபி குடிக்கப் போக வேண்டும்” என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். “கட்டாயம்” என்று சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முறுக்கு மாவு பிசைந்தேன். வெறுங்கையோடு போக முடியுமா?

அக்டோபரில் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள். நானும் அதே “கட்டாயம்” சொன்னேன். ஜனவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாம் முறை. நான்காம் முறை வரவில்லை. இப்போது கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

“அதெல்லாம் சும்மா வாய்வார்த்தை, இங்கே எல்லோரும் அப்படித்தான்” என்கிறார் என் கணவர். வாய்வார்த்தையை ஒருத்தி மூன்று முறை சொல்வாளா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். உண்மையாக அழைக்கிறார்களா, மரியாதைக்குச் சொல்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

திண்டுக்கல் பாண்டி

இதில் குழம்ப ஒன்றுமில்லை, சகோதரி. தேதி சொன்னால் அழைப்பு, சொல்லாவிட்டால் பேச்சு. என் அலுவலக நண்பர் ஒருவர் பத்து வருடமாக “குடும்பத்தோடு வீட்டுக்கு வாருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொருவர் ஒரே ஒரு முறைதான் அழைத்தார். “ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய ரைஸ்மில் ஸ்டாப்பில் இறங்குங்கள், பையனை சைக்கிளில் அனுப்புகிறேன்” என்றார். போனோம், ஆட்டுக்கறிக் குழம்பு. கணக்கு முடிந்தது.

பெரியகுளம் அக்கா

பாண்டி சொல்வதில் பாதிதான் சரி. தேதி சொல்லிவிட்டு முதல் நாள் இரவு “குழந்தைக்குக் காய்ச்சல்” என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் நான் பார்க்கும் அடையாளம் வேறு. ஆண்கள் அழைத்தால் அதை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. அந்த வீட்டுப் பெண் போன் செய்து “சைவமா, அசைவமா? மாமியார் காரம் சாப்பிடுவாரா?” என்று கேட்டால்தான் அங்கே அடுப்பு எரியப் போகிறது என்று பொருள். சமைக்கப் போவது யாரோ, அவர் அழைப்பதுதான் அழைப்பு.

மணமேடை

இப்போதெல்லாம் யாருக்கும் அழைக்கவே தெரியவில்லை. என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, அவ்வளவுதான். வெற்றிலைபாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, வீட்டில் உள்ள பெரியவர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாமா? நாங்கள் போகவில்லை. மொய் மட்டும் அனுப்பினோம்.

பெரியகுளம் அக்கா

மணமேடை அண்ணா, இங்கே பேசுவது காபிக்கு அழைப்பதைப் பற்றி! ஆனாலும் மொய் அனுப்பியது பெரிய மனசு.

நிஷிகசாய்

தோக்கியோவில் ஏழு வருடமாக இருக்கிறேன். முதல் வருடம் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் வீடு மாறினார். புது முகவரியை அச்சடித்த அஞ்சலட்டை எனக்கும் வந்தது. ‘இந்தப் பக்கம் வரும்போது அவசியம் எங்கள் வீட்டுக்கு வந்து போங்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. நான் மதுரைக்காரன். ‘இந்தப் பக்கம் வரும்போது’ என்றால் போகத்தானே வேண்டும்? சனிக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறப் போனேன். பக்கத்து அறையில் இருந்த மலையாளி நண்பர்தான் நிறுத்தினார். வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் அந்த வரியை அச்சடிப்பார்களாம். நம் கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று போடுவதைப் போல அது அட்டையோடு சேர்ந்து வருகிற வரி. ஆரஞ்சுப் பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

இங்கே பேச்சிலும் இதே கதைதான். ‘கோன்தோ சாப்பிடப் போகலாம்’ என்பார்கள். கோன்தோ என்றால் அடுத்த முறை. அந்த அடுத்த முறை எப்போது என்று கேட்கக் கூடாது என்று நினைத்து நான் இரண்டு வருடம் கேட்கவே இல்லை. பிறகு ஒருவரிடம் துணிந்து கேட்டேன். உடனே கைப்பேசியை எடுத்துக் காலண்டரைத் திறந்தார். இன்னொருவர் உதட்டுக்குள் காற்றை இழுத்துக்கொண்டு “அது கொஞ்சம்…” என்றார். அந்த ‘கொஞ்சம்’ வந்துவிட்டால் அதோடு பேச்சை மாற்றிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுத்தவன். நீட்டி முழக்கினால் மன்னியுங்கள்.

கொலம்பஸ் தங்கையின் கணவரும் தவறில்லை, தங்கையும் தவறில்லை. எலன் ஐசக்ஸ், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இருவர் 1990-இல் இப்படிப்பட்ட ஒப்புக்கு அழைக்கும் அழைப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒப்புக்கு அழைப்பதைப் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அழைப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். ‘உன்னை மதிக்கிறேன்’ என்பதை அழைப்பின் உருவத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் அடையாளங்களில் இரண்டு போதும். ஏற்பாட்டைப் பற்றி ஒன்றும் தெளிவாகச் சொல்லமாட்டார்கள். மறுத்தால் வற்புறுத்தமாட்டார்கள்.

இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். நம் ஊரில் முதல் அழைப்புக்கு யாரும் ஒத்துக்கொள்வதில்லை. “இருக்கட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம்” என்போம். அவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை இழுத்தால்தான் உட்காருவோம். வற்புறுத்துவதை வைத்துத்தான் உண்மையை எடை போடுகிறோம். அமெரிக்காவில் அந்த வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தால் அது வராது. ஒருவரை விடாமல் இழுப்பது அங்கே அவருடைய நேரத்தில் கை வைப்பதாகப் படும்.

அப்படியானால் அங்கே எதைப் பார்ப்பது? நெஸ்ஸா உல்ஃப்சன் என்ற அம்மையார் அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சை 1980களில் ஆராய்ந்தார். நேரம், இடம் அல்லது என்ன செய்யப் போகிறோம் என்பது, பதில் கேட்பது இவையெல்லாம் சேர்ந்தால்தான் அது முழு அழைப்பு என்றார். பாண்டி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அம்மையார் அங்கேயே நிற்கவில்லை. அமெரிக்கர்களுக்குள் ஏற்பாடுகள் பலவும் முழு அழைப்பாகத் தொடங்குவதே இல்லை. ‘ஒரு நாள் சந்திக்கலாம்’ என்று ஒருவர் நூலின் ஒரு முனையை நீட்டுவார். கேட்டவர் மறுமுனையைப் பிடித்து “இந்த வாரம் எப்படி?” என்று இழுத்தால் இருவரும் பேசிப் பேசி ஒரு நாளுக்கு வந்து சேருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லாமல் நூல் கீழே விழும். அதற்காகத்தான் அவ்வளவு மொட்டையாகச் சொல்வது.

தங்கையின் “கட்டாயம்” நம் காதுக்குச் சம்மதம். அந்தப் பெண்ணின் காதில் அது ‘சரி சரி’ என்று பேச்சை முடித்தது போல விழுந்திருக்கும். மூன்று முறை நூல் நீட்டினாள், மூன்று முறையும் நீங்கள் சிரித்தீர்கள். வேண்டாம் என்கிறீர்கள் என்று அவள் எண்ணியிருக்கலாம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கொலம்பஸ் மருமகள்

ஐயா, இதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. நான்தான் அவளை ஒதுக்கினேனா? சரி, கேட்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். மறுக்கிறாளா, உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

ஒரு நாளைச் சொல்லிக் கேளுங்கள். சின்னதாக இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம், காபிக் கடை போதும். ‘முடியாது’ என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முடியாது என்றதற்குப் பிறகு அவளாக வேறொரு நாளைச் சொல்கிறாளா என்று பாருங்கள். சொன்னால் விருப்பம் இருக்கிறது. காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், இரண்டாம் முறை வேறொரு மாதத்தில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டுப்பூனை

வாத்தியார் ஐயாவோடு எனக்குச் சண்டை. அப்படிச் சொல்கிற ஆள் நான்தான். “ஒரு நாள் சந்திப்போம்” என்று சொல்லும்போது நெஞ்சாரத்தான் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் உண்மையிலேயே சந்திக்க ஆசை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்த ஆசை வடிந்துவிடுகிறது. யாராவது தேதி கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது, மாற்று நாள் சொல்லத் தோன்றுவதே இல்லை. உங்கள் அளவுகோலில் நான் ஒப்புக்குச் சொன்னவள் ஆகிவிடுவேன். ஆனால் என் தோழி ஒருத்தி அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கதவைத் தட்டிவிடுவாள். அவள் வந்து உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை விடமாட்டேன். என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

உங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, அம்மா. என் மனைவியும் இதே ரகம்.

பெரியகுளம் அக்கா

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘வருகிறேன்’ என்கிறோம். அதற்குப் பதிலாக வீட்டுக்காரர் ‘அடிக்கடி வாருங்கள்’ என்கிறார். அடுத்த வாரமே போய் நின்றால் “என்ன விசேஷம்?” என்று கேட்கமாட்டாரா? வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லப்படும் எதையும் நான் விடைபெறுதலோடு சேர்த்துவிடுவேன். நடு கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது, யாரும் கிளம்பாத நேரத்தில் அழைத்தால் கவனிப்பேன். கொலம்பஸ் தங்கச்சி, அவள் பஸ் போன பிறகு சொன்னாளா, பஸ் வருமுன் சொன்னாளா?

கொலம்பஸ் மருமகள்

முதல் இரண்டு முறை பஸ் போன பிறகு, அக்கா. பனியில் நின்றபோது மட்டும் பஸ் வருமுன்பே சொன்னாள். அன்று பஸ் இருபது நிமிடம் தாமதம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை இரண்டு பேரிடம் கேட்டேன். எங்கள் நூலகத்தில் கதை நேரத்துக்கு வரும் ஒருத்தியும் ‘ஒரு நாள் சந்திக்கலாம்’ என்று சொல்லியிருந்தாள். அவளிடம் “இந்த வாரம் நேரம் இருக்குமா?” என்றேன். “ஐயோ, இந்த மாதம் ஒரே ஓட்டம், நானே செய்தி அனுப்புகிறேன்” என்றாள். என் எண் அவளிடம் கிடையாது, கேட்கவும் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த முறை வலிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் எதிர்வீட்டுப் பெண்ணிடம், “வியாழக்கிழமை பிள்ளைகளை அனுப்பிவிட்டு நூலகத்துக்கு எதிரே உள்ள கடையில் காபி குடிக்கலாமா?” என்றேன். “வியாழன் பல் டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளி வரமுடியுமா?” என்றாள், ஐயா சொன்னது போலவே! வெள்ளிக்கிழமை ஒன்றே கால் மணி நேரம் பேசினோம். முறுக்கு கொண்டுபோனேன், கடைக்காரர் முறைத்தார். எனக்குத் தன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றுதான் ஜனவரியிலிருந்து அவள் நினைத்திருக்கிறாள்.

கிளம்பும்போது கார் கதவைத் திறந்துகொண்டே, “இன்னொரு நாள் மறுபடி இப்படிச் சந்திக்க வேண்டும்” என்றாள். இது எதில் சேரும்?

திண்டுக்கல் பாண்டி

தேதி சொன்னாரா?