தாய்லாந்து போய் வந்தவை ஒருக்கா உதவுங்கோ

குழுவில இருக்கிற அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். அடுத்த மாதம் நானும் மனுசியும் பாங்கொக் போறம். அங்க ஆக்களைக் கண்டால் அவையின்ர பாஷையில வணக்கமாவது சிரிச்சுச் சொல்ல விருப்பம்.

அவையின்ர வணக்கம் 'சவாத்டீ'. அதுக்குப் பின்னால ஆம்பிளை எண்டால் 'க்ராப்', பொம்பிளை எண்டால் 'கா' சேர்க்க வேணும். சொல்லுறவர் ஆர் எண்டதுதான் கணக்கு, முன்னால நிக்கிறவர் இல்லை. அதால மனுசி பாத்துப் பழகிற, பொம்பிளை சொல்லித்தாற வீடியோ எனக்குச் சரிவராது.

சிக்கல் 'கா'விலதான். வணக்கத்தில குரல் மேலயிருந்து கீழ இறங்க வேணுமாம். மனுசி சொல்லேக்க ஏறுது, ஏதோ கேள்வி கேக்கிற மாதிரி. தமிழில எழுதி இதைக் காட்டேலாது, ஆராவது குரல் பதிவு போடுவியளோ? 'க்ராப்'பை அங்கத்தையாக்கள் 'காப்' எண்டு சுருக்கிறவை. நானும் அப்பிடிச் சொன்னால் மரியாதைக் குறைவோ?

இன்னொண்டு. வயசில மூத்தவைக்கு நாங்கள் முதல்ல கைகூப்ப வேணும், அது எங்கட வழக்கம்தானே. ஹோட்டல் பிள்ளையள் கைகூப்பினால் சிரிச்சுத் தலையாட்டினால் போதும் எண்டு வாசிச்சன். மனுசி ஒத்துக்கொள்ளுறா இல்லை, கும்பிட்டவைக்குத் திருப்பிக் கும்பிடாமல் விடுறதோ எண்டுறா. நீங்கள் என்ன செய்தனியள்?