கண் ஒப்பனையில் ‘விங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நடன ஆசிரியை, திருச்சி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பரதநாட்டியப் பட்டய வகுப்புக்கான செய்முறைக் கையேட்டில் மேடை ஒப்பனை பற்றிய இயலை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் மட்டும் தடையாக நிற்கிறது. கண்ணின் வெளிமுனையிலிருந்து காதுப்பக்கமாக நீட்டி இழுக்கும் மைக்கோட்டை மாணவியர் எல்லாரும் ‘விங்’ என்கிறார்கள். மேடையின் பக்கத்திரைக்கும் அதே பெயர்தான். “விங்கில் நின்று விங்கைச் சரிசெய்துகொள்” என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? ‘இறக்கை’ என்று போட எனக்கு மனம் ஒப்பவில்லை. வகுப்பில் உச்சரித்தவுடன் விளங்கும் சொல்லாக ஒன்றைத் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

அம்மா, கண்ணுக்கு மையைப் ‘போடுவது’ பிற்கால வழக்கு. பழைய வினை ‘எழுதுதல்’. “எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்” என்னும் குறளில் எழுதும் செயலும் எழுதும் கோலும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. வெளிமுனைக்குக் ‘கடைக்கண்’ என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆகவே ‘கடையெழுத்து’ என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லின் கடைசி எழுத்து என்று இலக்கண மாணவர் கொள்வர் என்பதால் அதை நானே விலக்குகிறேன். என் முன்மொழிவு ‘கயல்வரி’. கண்ணைக் கயல் என்பது நம் மரபு. மதுரையில் அம்மையின் பெயரே அங்கயற்கண்ணி. நீட்டிய கோடு அந்தக் கயலின் வாலாக அமைகிறது. ‘வரி’ என்பதற்குக் கோடு என்ற பொருள் மிகப் பழையது. எழுதுதலைக் குறிக்கும் ‘வரைதல்’ என்பதோடும் அதற்கு உறவு உண்டு எனக் கருதுகிறேன்.

கூத்து ஆர்வலர், காஞ்சிபுரம்

ஐயா, இதற்குப் புதுச்சொல்லே வேண்டியதில்லை. கூத்துக் கலைஞர்கள் ‘அரிதாரம்’ என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தூய தமிழ்ச்சொல் கையில் இருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்?

தமிழ்ப் பேராசிரியர்

அரிதாரம் கூத்து மேடையில் வாழும் சொல் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது வடமொழி ‘ஹரிதாலம்’ தமிழுக்கு வந்த வடிவம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். நச்சுப்பொருள் என்பதால் அந்தக் கனிமத்தை இன்று முகத்தில் பூசக் கூடாது; ஆயினும் பெயர் முகப்பூச்சு முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. முகம் முழுவதையும் குறிக்கும் சொல்லை ஒரு கோட்டுக்குச் சுருக்க இயலாது.

ஒப்பனைக் கலைஞர், சென்னை

வணக்கம். சபா மேடைகளுக்காக நாட்டியக் கலைஞர்களுக்குக் கண் எழுதுவது என் தொழில். நீங்கள் கோட்டுக்குப் பெயர் தேடுகிறீர்கள்; என் கணக்கில் அதைவிட முக்கியமானது கோட்டுக்கு அடியில் விடும் இடைவெளி. மேலிமைக் கோட்டை வெளிமுனைக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீட்டுகிறோம். கீழ்க்கோட்டைக் கீழிமையின் நடுவிலிருந்து தொடங்கி, மேற்கோட்டோடு சேர்க்காமல், அதற்கு இணையாக வெளியே கொண்டுபோகிறோம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வைக்கிறோம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வெள்ளை விழியின் வெண்பகுதியாகவே தெரியும். கருமணி பக்கவாட்டில் ஓடும் பிரலோகிதத்திலும், கடைக்கண்ணால் நோக்கும் சாசியிலும் பார்வை நீண்டு தெரிவதற்கு இதுவே காரணம்.

புதிதாகப் பழகுபவர்கள் இரண்டு கோடுகளையும் முனையில் சேர்த்து மூடிவிடுகிறார்கள். கீழிமையின் உள்விளிம்பிலும் கறுப்பு மையை நிரப்புகிறார்கள். அருகில் பார்க்க அழகாக இருக்கும். பின்வரிசைக்குப் போனால் கண் இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். இன்னொரு தவறு, தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கோடு போடுவது. விரலை எடுத்ததும் கோடு நெளிந்து கீழே சரிந்து, முகத்துக்கே சோர்வு வந்துவிடும். நேரே பார்த்தபடி போட்டு, கண்ணாடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அப்போது ஆறு மீட்டர் தொலைவில் இருப்பவர் காண்பது நமக்குத் தெரியும். என் உதவியாளர்கள் இந்தக் கோட்டை ‘வால்’ என்பார்கள்.

இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

அம்மா சொல்லும் இடைவெளியைக் கணக்கிட்டே பார்க்கலாம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை அளவு விலகியிருப்பவற்றைத்தான் தனித்தனியாகப் பிரித்துக் காணும். 20 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். 10 மீட்டரில் 3. ஆகவே கோடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் விட்டால் நடுவரிசைக்கு வெள்ளை தெரியும். 20 மீட்டரில் உள்ள கடைசி வரிசைக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். தனியாக நிற்கும் கருங்கோடு இதைவிட மெல்லியதாக இருந்தாலும் கண்ணில் படும். ஆனால் கறுப்பாக இல்லாமல் வெளிறித் தெரியும். கோட்டைத் தடிப்பாகப் போடுவதன் காரணம் அதுவே.

அரங்கேற்ற மாணவியின் தந்தை, சேலம்

எனக்குச் சொல்லாராய்ச்சி தெரியாது. என் மகளின் அரங்கேற்றப் படங்களில் கண்ணும் உதடும் முகமூடி போல இருக்கின்றன என்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். மண்டபத்தில் மொத்தமே எட்டு வரிசைதான். இவ்வளவு கனமான ஒப்பனைக்கு ஏதாவது பெயர் இருந்தால், அது வேண்டாம் என்று அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா?

ஒப்பனைக் கலைஞர்

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. பெரிய அரங்கின் அளவைச் சிறிய மண்டபத்துக்கு அப்படியே போட்டிருக்கிறார்கள். எட்டு வரிசைக்கு இடைவெளி 3 மில்லிமீட்டர் போதும். கோட்டின் நீளத்தையும் குறைக்கலாம். உதட்டில் மட்டும் விளிம்புக்கோட்டை விட்டுவிடாதீர்கள். மேலுதடு மெல்லியதாக இருந்தால் இரண்டாவது வரிசையிலேயே வாய் மங்கிவிடும். விளக்கு யாருடைய பொறுப்பு என்பதையும் கேட்டு வையுங்கள். சிவப்பு ஒளியில் சிவப்புச் சாயம் வெளிறும். பச்சை ஒளியில் அதே உதடு கறுத்துத் தெரியும். பெயரைச் சொல்வதைவிட, கடைசி வரிசை எத்தனை மீட்டர் என்பதை ஒப்பனை செய்பவரிடம் சொல்லுங்கள்.

நடன ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கள் பாடசாலைகளில் பரதநாட்டியம் ஒரு பாடம். செய்முறைப் பரீட்சையில் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சொல் இது. ‘கயல்வரி’ காதுக்கு இனிமையாக இருந்தாலும், அது எந்தக் கோடு என்று பிள்ளை கேட்டால் பிறகும் கடைக்கண்ணைக் காட்டித்தான் விளக்க வேண்டும். ‘கடைக்கோடு’ என்றால் இடமும் பொருளும் சொல்லிலேயே இருக்கின்றன. மேல்கடைக்கோடு, கீழ்கடைக்கோடு என்று பிரித்துச் சொல்லவும் இலகு.

தமிழ்ப் பேராசிரியர்

கடைக்கோடு என்றால் ‘கடைசிக் கோடு’ என்று பொருள்படும் என்பதைப் பதிவு செய்கிறேன். ‘கோடு’ யானைத் தந்தத்துக்கும் மலையுச்சிக்கும் உரிய சொல். கலைச்சொல் விளங்கினால் மட்டும் போதாது, அழகாகவும் இருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

இயற்பியல் ஆசிரியர்

என் வாக்கு கடைக்கோட்டுக்கு. அளவு எழுதும் இடங்களில் அது உதவும்.

கூத்து ஆர்வலர்

அரிதாரம் பொருந்தாது என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொழில் செய்பவர் வாயில் இருக்கும் ‘வால்’ என்ற சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் கட்டுச்சொல் தேடுகிறோம்? ‘கண்வால்’ என்று வைத்தால் என்ன?

நடன ஆசிரியை, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் ‘கடைக்கோடு’ என்று எழுதுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘ஒப்பனை அறையில் வால் என்பர்’ என்று சேர்த்துவிடுகிறேன். ‘கயல்வரி’யை இவ்வளவு பேர் மறுத்தபின் பாடத்தில் வைக்க முடியவில்லை, பேராசிரியர் பொறுத்தருள வேண்டும். இடைவெளிக்குத்தான் இன்னும் பெயரில்லை. ‘வெண்ணிடை’ என்று எழுதிப் பார்த்தேன். வெண்ணிறமான இடுப்பு என்று மாணவியர் சிரிப்பார்கள் என்று தோன்றியது. இப்போதைக்கு ‘கடைக்கோடுகளுக்கு நடுவே விடும் வெள்ளை’ என்று நீட்டியே எழுதி, பத்து மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்ற அளவையும் தந்திருக்கிறேன்.

தமிழ்ப் பேராசிரியர்

வெண்ணிடை வேண்டாம் அம்மா. அதற்கு ‘வெளிவெண்மை’ பொருந்துமா என்று பாருங்கள். கயல்வரியை நான் கைவிடவில்லை. இரண்டாம் பதிப்பில் மீண்டும் கேட்பேன்.