நாணயப் பரிமாற்றக் கணக்கில் ஓர் இடறல், உதவுங்களேன்

வணக்கம். வேலை முடிந்து ஜூரோங் நூலகத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுகிறேன். ஓர் இடத்தில் சிக்கிவிட்டது.

சிங்கப்பூர் நிறுவனத்துக்குச் சிங்கப்பூர் வெள்ளிக் கடன் 3%, அமெரிக்க டாலர் கடன் 5.5%. அமெரிக்க நிறுவனத்துக்கு முறையே 5%, 6%. முதலாமவருக்கு இரண்டுமே மலிவுதான். ஆனால் இடைவெளி வெள்ளியில் 2, டாலரில் 0.5. மிச்சமாகும் 1.5-ஐப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 0.75.

அதனால் டாலர் தேவைப்படும் சிங்கப்பூரார் 13 மில்லியன் வெள்ளியும், வெள்ளி தேவைப்படும் அமெரிக்கர் 10 மில்லியன் டாலரும் கடன் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள். முடிவில் அசல் ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்ற அதே விகிதத்தில் திரும்பும், அதில் குழப்பமில்லை.

வருட வட்டிதான் பிரச்சினை. சிங்கப்பூரார் 4,75,000 டாலர் கொடுத்து 3,90,000 வெள்ளி வாங்குகிறார். சரி, அவர் டாலர் கடன் 4.75% ஆனது. அமெரிக்கரோ தன் வங்கிக்கு 6,00,000 டாலர் கட்டவேண்டும். 1,25,000 டாலர் துண்டு விழுகிறது. 5%-இல் 0.75 குறைந்து அவருக்கு வரும் 4.25% என்பது 3% வெள்ளியும் 1.25% டாலரும் சேர்ந்தது. இரண்டையும் அப்படியே கூட்டலாமா?

முன்பேர ஒப்பந்தத்தில் அந்த டாலரை வாங்கினால், டாலர் வட்டி அதிகம் என்பதால் முன்பேர விலை 1.30-க்குக் கீழே இருக்குமே. அப்படியானால் அவருக்கு 0.75-க்கும் கூடுதல் லாபமா? கருவூலப் பிரிவில் வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார் யாராவது விளக்குங்களேன்.