புதுப்பிப்பு: ஒரே அட்டவணைப் படங்கள், இரண்டு கருவிகள்

அட்டவணைப் படங்களில் உள்ளதை எழுத்தாக வாசிக்கும் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் புள்ளி போட்ட என் பதிவுக்கு வந்த கேள்வி: "எழுத்தெல்லாம் சரியாத்தானே வாசிக்குது, முதல் கருவிக்கு ஏன் இவ்வளவு குறைஞ்ச புள்ளி?"

காரணம் வெற்றுக் கட்டங்கள். கிளிநொச்சிக் குளங்களின் நீர்மட்ட அட்டவணையில், 6 நிரல் கொண்ட ஒரு நிரையில் 2ஆவது கட்டம் காலி. முதல் கருவி அதை விட்டுவிட்டு மிச்சத்தை இடப்பக்கம் நகர்த்திவிட்டது. இடம் பார்த்து ஒப்பிட்டால் 5 கட்டம் பிழை. நிரையைச் சீரமைத்து ஒப்பிட்டால் 1 மட்டுமே. இரண்டாவது கருவி அந்தக் காலியிடத்தைக் காப்பாற்றியது, ஆனால் 3ஐ 8 என்று வாசித்தது. எனக்கு இதுதான் கூடுதல் ஆபத்து, பார்த்தவுடன் தெரியாது.

ஒப்பிடுமுன் எழுத்துகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை நீக்கும்படி கருத்தில் சொன்ன தம்பி பாதி சரி; அது கட்டங்களின் நகர்வைத் தீர்க்காது. கருத்தில் ஒரு அக்கா சொன்னபடி, இடம் பார்த்த புள்ளி, சீரமைத்த புள்ளி இரண்டையும் தனித்தனியே தருகிறேன். கையெழுத்து ரசீது பற்றிக் கேட்டவருக்கு: இவை அச்சுப் படங்கள். மூன்று நிரல்களுக்குப் பொதுவாக இணைந்த தலைப்புக் கட்டத்தை ஒன்றாக எண்ணுவதா, மூன்றாகவா? இன்னும் முடிவில்லை.