காசிமேடு ஏல வீடியோவைத் திருடியவர்கள் வேகத்தை மாற்றியிருந்தார்கள்: கண்டுபிடித்த அனுபவம்

காசிமேட்டுக்காரன்
ஞாயிறு விடியற்காலை துறைமுகத்தில் நடக்கும் மீன் ஏலத்தை வீடியோ எடுத்துப் போட்டிருந்தேன். மூன்று நாள் பார்வை நன்றாக ஏறியது, நாலாவது நாள் அப்படியே நின்றுவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் சித்தி பையன் ஒரு லிங்க் அனுப்பி, "அண்ணா, இது நீ எடுத்ததுதானே?" என்று கேட்டான். வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டும் அக்கா என் வீடியோவில் வலது கையில்தான் வாட்ச் கட்டியிருப்பார். அதில் இடது கை. படகின் பதிவு எண்கூட கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தது. என் வீடியோவைவிட அதற்குப் பார்வை மூன்று மடங்கு.

இரண்டின் ஒலியையும் ஒலிரேகை எடுக்கும் fpcalc-இல் போட்டு ஒப்பிட்டேன். 32 பிட்டுக்குச் சராசரியாக 15 பிட் மாறுகிறது. காதால் கேட்டால் அதே குரல்தான். எங்கே தப்பு செய்கிறேன்?

மணலி எடிட்டர்
இரண்டு ஃபைலுக்கும் எம்டி5 எடுங்கள். ஒரே ஃபைல் என்றால் ஒரே எண் வரும். வேறு வந்தால் அது உங்களுடையது இல்லை.

தண்டையார்பேட்டை அக்கா
தம்பி மணலி, முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. எம்டி5 ஒரு பைட் மாறினாலும் வேறு எண்ணைத்தான் கொடுக்கும். மறுபடி ஏற்றும்போதே தளம் வீடியோவைப் புதிதாக என்கோட் செய்துவிடும், அதனால் அப்பட்டமான காப்பிகூட வேறு எண்தான் காட்டும்.

காசிமேடு தம்பி, சம்பந்தமே இல்லாத இரண்டு ஒலிகளை ஒப்பிட்டாலும் பாதி பிட், அதாவது 16 வாக்கில்தான் மாறும். உங்களுக்கு வந்த 15-க்கு 'பொருந்தவில்லை' என்றே அர்த்தம். வேகத்தைக் கூட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒலிரேகை எந்தச் சுரம் எவ்வளவு ஒலிக்கிறது என்பதை வைத்து உருவாகிறது. 5 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும், ரேகை முழுக்கக் கலைந்துபோகும்.

மொத்த நீளத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடாதீர்கள், முன்னும் பின்னும் வெட்டியிருப்பார்கள். இரண்டிலும் தெளிவாகக் கேட்கும் இரண்டு சத்தங்களை எடுத்து, நடுவில் எத்தனை நொடி என்று அளந்து பாருங்கள்.

காசிமேட்டுக்காரன்
அக்கா, அளந்தேன். ஐஸ் லாரியின் ஹாரனில் இருந்து பிளாஸ்டிக் கூடை கீழே விழும் சத்தம் வரை என்னிடம் 210 நொடி, அவர்களிடம் 200. அப்படியென்றால் 1.05 மடங்கு. குரலும் கொஞ்சம் கீச்சென்றுதான் கேட்கிறது.

தண்டையார்பேட்டை அக்கா
குரல் கீச்சென்று இருந்தால் சுருதியும் சேர்ந்தே ஏறியிருக்கிறது. ஒலியின் சாம்பிள் ரேட்டான 44100-ஐ 1.05-ஆல் வகுத்தால் 42000. காப்பியின் ஒலி 44100-இல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
ffmpeg -i copy.mp4 -af asetrate=42000,aresample=44100 fixed.wav
fpcalc -raw -length 400 fixed.wav
```

`-length` கொடுக்காவிட்டால் முதல் 120 நொடியைத்தான் பார்க்கும். நிறைய பேர் அதில்தான் ஏமாறுகிறார்கள். குரல் இயல்பாக இருந்து வேகம் மட்டும் கூடியிருந்தால் asetrate வேண்டாம், atempo போடுங்கள்.

படத்துக்கு நொடிக்கு ஒரு ஃபிரேம் எடுத்து phash என்ற படரேகையைப் பாருங்கள், காப்பியைத் திரும்ப இடவலம் மாற்றிய பிறகு. மாற்றாமல் பார்த்தால் 64 பிட்டில் பாதி மாறித்தான் தெரியும்.

வியாசர்பாடி கானா
என் கானாவை ஒருத்தர் தன் குரலில் பாடிப் போட்டிருக்கிறார். இதே வழியில் பிடிக்கலாமா அக்கா?

தண்டையார்பேட்டை அக்கா
முடியாது தம்பி. ஒலிரேகை அதே பதிவைத்தான் அடையாளம் காணும், அதே பாட்டை இல்லை. வரியும் மெட்டும் உங்களுடையது என்று நீங்கள் வேறு விதமாகத்தான் காட்ட வேண்டும். பாட்டை முதலில் பதிவு செய்த ஒரிஜினல் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

காசிமேட்டுக்காரன்
வேகத்தைச் சரிசெய்து இரண்டையும் நேரம் பொருத்தி வைத்தேன். சராசரி வித்தியாசம் 15-இல் இருந்து 4-க்கு இறங்கிவிட்டது. ஃபிரேம்களும் பெரும்பாலும் 8-க்குள் வந்தன. ஆனால் இன்னொன்றும் நடந்தது. சந்தேகப்பட்ட வேறு மூன்று வீடியோக்களையும் ஒப்பிட்டேன், ஒன்று பொருந்தியது. திறந்து பார்த்தால் அது சமையல் வீடியோ! தொடக்கத்தில் நான் போட்ட இலவச இசையையே அவரும் போட்டிருக்கிறார். அவர்மேல் புகார் கொடுத்திருந்தால் பெரிய பாவமாகியிருக்கும். இப்போது இசை வரும் முதல் 20 நொடியை வெட்டிவிட்டு, ஏலக்குரல் பகுதியை மட்டும்தான் ஒப்பிடுகிறேன்.

நீக்கக் கோரும் படிவத்தில் ஏழு நாள் அவகாசம் கொடுக்கும் வழியும் இருந்தது. அந்த ஏழு நாளும் பார்வை அவர்களுக்குத்தான் போகும் என்பதால் உடனே நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டார்கள். அவர்கள் வாங்கிய பார்வை என் கணக்குக்கு வராது, அது போனதுதான்.

மணலி எடிட்டர்
எம்டி5 விஷயம் புரிந்தது அக்கா. ஆனால் நடுப்பகுதியை மட்டும் நிமிர்ந்த ஷார்ட்ஸாக வெட்டி, மேலே தன் குரலையும் போட்டுவிட்டால்?

தண்டையார்பேட்டை அக்கா
அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓரம் வெட்டுப்பட்டால் phash உடைந்துபோகும். என் ஒரிஜினலையும் அதேபோல் நடுவில் வெட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன், சிலது கிடைத்தது. வெட்டிய இடம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்ந்தால் கிடைப்பதில்லை. குரல் இடைவெளிகளில் அடியில் கேட்கும் பழைய ஒலியைத் தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு, மூன்று நொடித் துண்டுகளில் இன்னும் நம்பிக்கையான பொருத்தம் கிடைக்கவில்லை.